உப்பில்லாக் குழம்புக்கு ஒரு போன்

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். மருந்துக்காகவே விருந்தாளியாகப் போகிறவர்களுக்கு மூன்று நாள் எந்த மூலைக்கு? தென்மாவட்டங்களிலிருந்து பெரிய சிகிச்சைக்குச் சென்னை வருகிற குடும்பங்களில் பலருக்கும் லாட்ஜ் கட்டுப்படியாகாது. தம்பி வீடோ தங்கை வீடோ மச்சினன் வீடோ ஒன்று தாம்பரத்திலோ ஆவடியிலோ இருக்கும். பையைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் போய் இறங்குவார்கள். பத்து நாள், இருபது நாள் கழித்து, நோயாளி ஓரளவு தேறி, ஊருக்குக் கிளம்புகிற நாளில் வாசலில் ஒரு தடுமாற்றம் வரும். இத்தனை செய்தவர்களிடம் என்ன சொல்லிவிட்டுப் போவது?

கோவில்பட்டிப் பக்கத்துக் குடும்பம் ஒன்றில் நடந்ததைப் பார்த்தால் இந்தத் தடுமாற்றம் புரியும். வீட்டுப் பெரியவருக்கு இதயத்தில் பைபாஸ். தாம்பரத்தில் இருக்கும் தம்பி வீட்டில் தங்கினார்கள். அறுவைக்கு முன் பரிசோதனைகளுக்கு மூன்று நாள், ஆஸ்பத்திரியில் எட்டு நாள், வீட்டுக்கு அனுப்பிய பிறகு மறுபரிசோதனை முடியும்வரை ஒன்பது நாள். மொத்தம் இருபது நாள். பெரியவரும் அவர் மனைவியும் மகனும் என மூன்று பேர். தம்பி வீட்டில் ஏற்கெனவே நாலு பேர். இரண்டு படுக்கையறை, ஒரு குளியலறை. பிள்ளைகள் கூப்பிடுகிற முறையிலேயே ஊரிலிருந்து வந்த அம்மாவைப் பெரியம்மா என்றும், தாம்பரத்து வீட்டம்மாவைச் சித்தி என்றும் சொல்லிக்கொள்ளலாம். ஓரகத்திகள் இருவரும். அண்ணன் தம்பிக்குள் இருக்கும் ரத்த பந்தம் இந்த இருவருக்கும் நடுவில் கிடையாது. வேலை முழுக்க விழுந்தது சித்தியின் தலையில்தான்.

கிளம்புகிற மாலை வாசலில் நடந்தது தமிழ் வீடுகளில் வழக்கமாக நடப்பதுதான். "ரொம்பச் சிரமம் குடுத்துட்டோம்" என்றார் பெரியம்மா. "என்னக்கா இது, நாங்க என்ன அசலா? இப்படியெல்லாம் பேசாதீங்க" என்றார் சித்தி. பெரியம்மாவுக்குக் கண் கலங்கியது. சித்தி அவரைத் தேற்றினார். குங்குமம் கொடுத்து, ரவிக்கைத் துணியும் வெற்றிலை பாக்கும் வைத்துக் கொடுத்து, ரயிலில் சாப்பிடத் தூக்குவாளியில் தயிர்சாதமும் கட்டிக் கொடுத்தார். "வர்றோம்" என்று ஆட்டோ ஏறினார்கள்.

இதில் ஒன்றைக் கவனிக்கலாம். நம் வழக்கப்படி, விடைபெறும் நேரத்தில் கொடுக்கிற கை வீட்டுக்காரரின் கை. குங்குமம், தாம்பூலம், கட்டுச்சோறு எல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து வருகின்றன. விருந்தாளி கடைசி நிமிஷம்வரை வாங்கிக்கொண்டே இருக்கிறார். அவர் திருப்பிச் சொல்ல அந்தச் சடங்கில் இடம் ஒதுக்கப்படவில்லை. சொல்ல வந்த ஒரே வாக்கியமான 'சிரமம் குடுத்துட்டோம்' என்பதும் மன்னிப்பாகத்தான் போய் விழுகிறது. அதைக் கேட்டவர் மறுத்தாக வேண்டும், ஆறுதல் சொல்லியாக வேண்டும். இருபது நாள் உழைத்தவருக்கு இருபத்தோராவது வேலையும் வந்து சேர்கிறது.

'நன்றி' என்ற சொல்லே உறவுக்குள் சரியாக ஒட்டுவதில்லை. குறளில் அந்தச் சொல்லுக்கு நன்மை, செய்த உதவி என்று பொருள். மறக்காமல் மனதில் வைத்திருக்க வேண்டிய ஒன்று அது. மேடையில் பேசி முடிக்கும்போதும் கடிதத்தின் அடியிலும் சொல்லும் உபசார வார்த்தையாக அது பிற்காலத்தில்தான் புழக்கத்துக்கு வந்தது. அதனால்தான் சித்தியிடம் போய் "நன்றி சித்தி" என்றால், வெளியாளாக ஒதுக்கிவிட்டதுபோல அவருக்குச் சுருக்கென்று படுகிறது.

தமிழர்கள் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். சிமியோன் ஃபிளாய்டும் பல நாட்டு மொழியியலாளர்களும் சேர்ந்து 2018-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எட்டு மொழிகள் பேசுகிறவர்களின் அன்றாட வீட்டுப் பேச்சைப் படம்பிடித்து, ஒருவர் கேட்டு இன்னொருவர் செய்து கொடுத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட தருணங்களைப் பார்த்தார்கள். ஏறக்குறைய இருபதில் ஒரு முறைதான் நன்றிச் சொல் வந்தது. ஈக்வடார் நாட்டில் பேசப்படும் சாபலா மொழிக்காரர்கள் ஒரு முறைகூடச் சொல்லவில்லை. உப்பை எடுத்துக் கொடுப்பதும் கதவைத் திறந்து விடுவதும் வீட்டுக்குள் இயல்பாக நடந்து போகிறவை. அவற்றுக்கு ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியதில்லை என்பதில் உலகம் பெரும்பாலும் ஒன்றுபட்டிருக்கிறது.

இருபது நாள் தங்குவதை உப்பு எடுத்துக் கொடுப்பதோடு சேர்க்க முடியாது. அங்கே ஒரு குடும்பம் தன் ஒழுங்கையே மாற்றிக்கொள்கிறது. எதெது மாறியது என்று வந்தவருக்கு அங்கே இருக்கும்போதே தெரிந்தால்தான் பிறகு எதையாவது குறிப்பிட்டுச் சொல்ல முடியும்.

தாம்பரத்து வீட்டில் என்னென்ன மாறின? பைபாஸில் நெஞ்செலும்பைப் பிளந்து மறுபடி சேர்த்துக் கட்டுகிறார்கள். அது கூடி வர ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். அதுவரை கையை ஊன்றி எழக்கூடாது, கனமாக எதையும் தூக்கக்கூடாது. தரையில் பாய் விரித்துப் படுத்து எழுவது நடக்காத காரியம். ஆகவே கட்டில் வேண்டும். அந்த வீட்டில் உபரியாகக் கட்டில் இருந்தது பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளின் அறையில் மட்டும். அந்தப் பெண் புத்தகங்களோடு ஹாலுக்கு வந்துவிட்டாள். ஹாலில் ஆள் நடமாட்டம் இருந்ததால் இரவு பத்து மணிக்கு மேல்தான் அவளால் படிக்க முடிந்தது. பெரியவருக்கு உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். சித்தி தினமும் குழம்பு கொதித்ததும், உப்புப் போடுவதற்கு முன்பே, ஒரு சின்னச் சட்டியில் அவருக்கென்று எடுத்து வைத்துவிடுவார். பிறகு அதில் துளி உப்புச் சேர்த்து எலுமிச்சை பிழிந்து கொடுப்பார். ஆஸ்பத்திரி நாட்களில் நாலரை மணிக்கு எழுந்து, ஆறு மணிக்குள் இட்லியைக் கேரியரில் அடுக்கி, ஃபிளாஸ்கில் வெந்நீர் ஊற்றி, மகன் மின்சார ரயிலைப் பிடிக்க வசதியாக வாசலில் வைத்திருப்பார்.

கண்ணில் படாதவையும் உண்டு. ஒன்றரை மாதம் வரும் 14.2 கிலோ சிலிண்டர் அந்த முறை ஒரு மாதம்கூட வரவில்லை. நோயாளிக்காகப் பகலிலும் ஏசி ஓடியது. தமிழ்நாட்டில் வீட்டு மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எடுக்கப்படுகிறது. அது 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமில்லாமல் கீழ்ப்படியிலும் சேர்ந்தே கட்டணம் ஏறிவிடும். விருந்தாளி போய் மாதம் கழித்து வரும் அந்த பில்லைப் பற்றி எந்த வீட்டுக்காரரும் வாய் திறப்பதில்லை.

இதையெல்லாம் பணமாகத் தீர்க்கப் பார்ப்பதில்தான் பலரும் வழுக்குகிறார்கள். கிளம்பும்போது கவரில் பத்தாயிரம் வைத்துக் கொடுத்தால் தம்பிக்கு முகம் சுண்டிவிடும். அண்ணன் தன் வீட்டில் தங்கிய நாட்களுக்கு வாடகைக் கணக்குப் போட்டது போலாகும். செலவைப் பகிர்ந்துகொள்ள நினைத்தால் தங்கியிருக்கும்போதே பொருளாகப் பகிர்ந்துகொள்வதுதான் நல்லது. பெரியவரின் மகன் அதைச் சரியாகச் செய்தான். ரயிலடியிலிருந்து திரும்பும்போதெல்லாம் காய்கறியும் பாலும் வாங்கி வந்தான். தண்ணீர் கேன்காரருக்கு இவனே காசு கொடுத்தான். சிலிண்டர் வந்த அன்று சித்தப்பா ஆபீஸில் இருந்ததால் அதற்கும் கொடுத்துவிட்டுப் பேச்சை மாற்றினான். யாரும் மறுக்கிற அளவுக்கு அதில் எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. செலவு அப்படியே கரைந்துவிட்டால், பிறகு சொல்கிற வார்த்தையில் பணவாடை அடிக்காது.

ஊர் போய்ச் சேர்ந்த காலையில் வழக்கமான போன் போனது. வந்து சேர்ந்துவிட்டோம், ரயிலில் தூங்கினார், ஒன்றும் தொந்தரவில்லை. ஒரு காலத்தில் இதையே அஞ்சலட்டையில் நாலு வரி எழுதுவார்கள். போன அன்றே கார்டு போடாவிட்டால் அது குற்றமாகவே பேசப்படும். ஆனால் அந்தச் சேதி கவலையைத் தீர்ப்பதற்கானது. அதிலேயே நன்றியையும் திணித்தால் இரண்டும் அரைகுறையாகிவிடும். வீட்டுக்காரருக்கும் அன்று துணி துவைக்கவும் அறையை ஒதுங்க வைக்கவும் வேலை நெரிந்துகொண்டிருக்கும்.

பெரியம்மா நான்காம் நாள் மறுபடி கூப்பிட்டார். பதினொரு மணிக்கு. சித்தப்பா ஆபீஸுக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போன பிறகு சித்தி உட்கார்ந்து ஒரு டம்ளர் காபி குடிக்கிற நேரம் அது. இருபது நாள் கூடவே இருந்து பார்த்ததால் அவருக்கு அது தெரியும்.

"ஏம்மா, ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். அவருக்குன்னு உப்புப் போடுறதுக்கு முந்தியே குழம்பு எடுத்து வப்பியே, சின்னச் சட்டியில. ஒரு நாள்கூட நீ மறக்கல. கடைசி நாள் ரயிலுக்கு அவசரம், அன்னிக்கும் எடுத்து வச்சே. நான் அடுப்படி வாசல்ல நின்னு பாத்தேன். இங்க வந்து நான் ரெண்டாம் நாளே மறந்துட்டேன். அப்பதான் தெரிஞ்சுது, அது எவ்வளவு ஞாபகமா செய்யணும்னு. நேத்து இங்க டாக்டர் பிரஷர் பாத்துட்டு நல்லா இருக்குன்னாரு. உன் சமையலு அது."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சித்தி, "அதை யாரும் பாக்கலைன்னுல்ல நெனச்சேன்" என்றார்.

'நாங்க என்ன அசலா' என்ற மறுப்பு இந்த முறை வரவில்லை. வர வழியும் இல்லை. 'சிரமம் கொடுத்தோம்' என்றால் 'இல்லை' என்று சொல்லலாம். 'நீ உப்புக்கு முன் குழம்பை எடுத்து வைத்தாய்' என்பதை எப்படி இல்லை என்பது? அது நடந்தது. அந்தப் பேச்சில் மூன்று சேதிகள் அடுத்தடுத்து வருகின்றன. சித்தி செய்தது என்ன, அதைச் செய்ய அவருக்கு எவ்வளவு கவனம் பிடித்தது, அதனால் பிறகு என்ன நடந்தது. மூன்றாவதைச் சொல்ல நான்கு நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. வாசலிலேயே சொல்லியிருந்தால் டாக்டர் பார்த்த சேதி கையில் இருந்திருக்காது, தான் மறந்துபோன கதையும் இருந்திருக்காது.

பெரியம்மா பேசிய விதத்தோடு ஆய்வு ஒன்றும் ஒத்துப்போகிறது. அமெரிக்காவில் வட கரோலினா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாரா அல்கோ, நன்றியைப் பற்றிப் பல ஆண்டுகளாக ஆராய்கிறவர். இணையர்கள் ஒருவருக்கொருவர் நன்றி சொல்வதைப் படம்பிடித்து அவரும் உடன் ஆய்வாளர்களும் 2016-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். நன்றிப் பேச்சில் இரண்டு இழைகள் உண்டு என்று அதில் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று, எனக்கு எவ்வளவு பயன்பட்டது என்பது. மற்றது, நீ எப்படிப்பட்ட ஆள், நீ செய்தது எப்படிப்பட்ட காரியம் என்பது. கேட்டவருக்கு மனம் நிறைந்தது இரண்டாவது இழை கூடுதலாக இருந்தபோதுதான். "உங்க வீட்டுல வசதியா இருந்தோம், எங்களுக்கு ரெண்டு லட்சம் மிச்சம்" என்று சொல்கிறவர் உண்மையைத்தான் சொல்கிறார். ஆனால் அந்த வாக்கியத்தில் சித்தி எங்கேயும் இல்லை.

சரி, நான்கு நாள் கழித்து இப்படிக் கூப்பிட்டுப் பேசப் பலருக்கும் ஏன் கூச்சம்? செயற்கையாகத் தோன்றுமோ, சொல்லத் தெரியாமல் உளறிவிடுவோமோ என்ற பயம். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரண்டு உளவியலாளர்கள் இதையே சோதித்து 2018-ல் வெளியிட்டார்கள். நன்றிக் கடிதம் எழுதச் சொல்லி, பெறுகிறவர் எப்படி உணர்வார் என்று எழுதியவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டார்கள். பிறகு பெற்றவரிடமும் கேட்டார்கள். எழுதியவர்கள் எதிர்பார்த்ததைவிடப் பெற்றவர்கள் அதிகம் மகிழ்ந்திருந்தார்கள், சங்கடம் குறைவாகவே பட்டிருந்தார்கள். எழுதியவர் வார்த்தை சரியாக அமைகிறதா என்று கவலைப்பட்டபோது, வாங்கியவர் அதிலிருந்த பிரியத்தைத்தான் பார்த்தார். அங்கே கடிதம், இங்கே போன். கூச்சம் மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

யாருக்குச் சொல்வது என்பதிலும் பிசகு நடக்கும். வீட்டுத் தலைவர் என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டு, நாலரை மணிக்கு எழுந்தவரை விட்டுவிடுவார்கள். அறையைக் கொடுத்த பிள்ளைகளைச் சுத்தமாக மறந்துவிடுவார்கள், கையில் ஐந்நூறு ரூபாய் வைத்ததோடு சரி. பெரியவர் அப்படி விடவில்லை. தம்பி மகளைப் போனில் கூப்பிடச் சொல்லி, "ராத்திரி தண்ணி குடிக்க எந்திரிச்சு வருவேன். நீ சுவத்துப் பக்கம் திரும்பி, விளக்கு என் ரூம் பக்கம் அடிக்காம அட்டை வச்சு மறைச்சுப் படிச்சிக்கிட்டு இருப்பே. பெரியப்பா பாத்தேம்மா" என்றார். அந்தப் பெண் வெட்கப்பட்டு, "அய்யோ, அதெல்லாம் ஒண்ணுமில்ல பெரியப்பா" என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஓடினாள். அன்று மாலை அப்பாவிடம் அவளே அதைச் சொன்னாள்.

தம்பியிடம் மட்டும் பெரியவரால் நேருக்கு நேர் பேச முடியவில்லை. அண்ணன் தம்பிகள் பேசிக்கொள்கிற பாஷை அது இல்லை. ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுக்கத் தம்பி தன் ஆபீஸிலிருந்து இரண்டு பேரை அழைத்து வந்திருந்தார். நைட் ஷிப்டுக்கு மாறிக்கொண்டு பகலில் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு மாதம் கழித்து ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் பெரியவர் இதையெல்லாம் சொன்னார். தம்பி எதிர் வரிசையில் காதில் விழாததுபோல ரசத்துக்குக் குழி பறித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் மனிதரிடம் சொல்லி உரியவர் காதில் விழவைப்பது தமிழ்க் குடும்பங்களில் பழைய வழக்கம். மறுக்க வேண்டிய கட்டாயம் கேட்கிறவருக்கு அதில் இல்லை. நேரில் பேசக் கூச்சப்படும் ஆண்களுக்கு இதைவிடப் பொருத்தமான வழி கிடையாது.

இந்த வழியில் ஒரு பள்ளமும் இருக்கிறது. "என் கூடப் பிறந்த தங்கச்சிகூட எட்டிப் பாக்கல, இவன்தான் செஞ்சான்" என்று ஒரு வார்த்தை கூடிப் போனால், பாராட்டு அங்கேயே புகாராகிவிடும். அது தங்கை வீட்டுக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரம் போதும். பிறகு செய்தவரே சண்டைக்குள் இழுக்கப்படுவார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நீளமாக நன்றி எழுதுவதிலும் இதே ஆபத்து உண்டு. குழுவில் இருக்கும் மற்றவர்கள் தாங்கள் செய்ததையும் செய்யாததையும் அங்கே தேடுவார்கள். ஒப்பிட ஆள் இல்லாத இடத்தில், செய்தவர் செய்ததை மட்டும் சொல்வது பத்திரம்.

எல்லாவற்றையும் வரிசையாக ஒப்பிப்பதும் வேண்டாம். சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்தது, ஒற்றைக் குளியலறைக்காக எல்லோரும் காத்துக்கிடந்தது ஆகியவற்றை விருந்தாளி எடுத்துச் சொன்னால் வீட்டுக்காரருக்குத் தம் வீட்டின் குறை சொல்லிக் காட்டப்பட்டதுபோல இருக்கும். பார்த்தது பத்து என்றால் சொல்வது இரண்டு போதும். அந்த இரண்டும் அவர் பெருமைப்படக்கூடியவையாக இருக்க வேண்டும். மற்ற எட்டும் நடத்தையில் வெளிப்படட்டும். அடுத்த முறை வரும்போது வெள்ளிக்கிழமை காலை குளியலறையை முதலில் அவருக்கு விட்டுக்கொடுக்கத் தெரிந்திருந்தால் போதுமானது.

குறளில் விருந்தோம்பல் ஒன்பதாம் அதிகாரம், செய்ந்நன்றி அறிதல் பதினொன்றாம் அதிகாரம். இரண்டுக்கும் நடுவில் நிற்பது இனியவை கூறல். அதிகாரங்களுக்கு இந்த வரிசை எப்படி அமைந்திருந்தாலும், தாம்பரத்துக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில் அந்தப் பதினொரு மணி போனுக்கான இடம் அதுதான் என்று தோன்றுகிறது.

தயிர்சாதம் கொண்டுபோன தூக்குவாளி கோவில்பட்டியிலேயே இருந்தது. உறவில் வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் கிடையாது, ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். ஆறு வாரம் கழித்து மறுபரிசோதனை ரிப்போர்ட்டோடு மகன் மட்டும் சென்னை வந்தபோது பெரியம்மா அந்த வாளியைக் கொடுத்துவிட்டார். ஊர்க்காரர்கள் சென்னைக்கு வழக்கமாகக் கொண்டுபோவது கடலைமிட்டாய்தான். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. எல்லோருக்குமாக இரண்டு பாக்கெட் தனியாகப் பையில் இருந்தன. வாளியில் இருந்தது வேறு. எள்ளுருண்டை.

இரவு எல்லோரும் படுத்த பிறகு சித்தி அடுப்படி மேடையைத் துடைத்துவிட்டு, அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து, அதிலிருந்து ஒரே ஒரு எள்ளுருண்டையை மென்றுகொண்டு பின்வாசல் படியில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருப்பார். அந்த நாளில் அவருக்கென்று இருந்த நேரம் அவ்வளவுதான். தூக்கம் வராமல் ஹாலில் படுத்திருந்த பெரியம்மா அதை இரண்டு மூன்று முறை பார்த்திருக்கிறார். அப்போது ஒன்றும் கேட்கவில்லை.

"இது சித்திக்கு மட்டும்னு அம்மா சொன்னாங்க" என்று மகன் வாளியை நீட்டினான். சித்தி மூடியைத் திறந்து பார்த்தார். உடனே மூடினார். கடலைமிட்டாய்ப் பாக்கெட்டுகளைப் பிள்ளைகளிடம் கொடுத்து அனுப்பிவிட்டு, வாளியைக் கொண்டுபோய் அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தார்.